சொல்லாம ரெகார்டு பண்ணிட்டேன், இப்ப கேஸ் போடுவேன்னு மிரட்டுறான்

வாசகி கேள்வி: எனக்கு 51 வயசு, பொள்ளாச்சி பக்கம் வீட்டோட சேர்த்து தையல் கடை வச்சிருக்கேன். கஸ்டமர் சொல்ற அளவும் தேதியும் மறந்து போகுதுன்னு என் மகன்தான் போன்ல எல்லா காலும் தானா ரெகார்டு ஆகுற மாதிரி வச்சு குடுத்தான். 2024 பிப்ரவரில பெரியப்பா பையனுக்கு ரெண்டரை லட்சம் பேங்க்ல போட்டு விட்டேன், எழுதி எதுவும் வாங்கல. இப்ப அது கடனே இல்ல, பூர்வீக வீட்டு ரிப்பேருக்கு என் பங்குன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். ஆனா முன்னாடி போன்ல "அக்கா, உங்க ரெண்டரை லட்சத்தை தேங்காய் காசு வந்ததும் தந்துடுறேன்"னு சொன்னது ரெகார்டுல இருக்கு. கோவத்துல அதை வெட்டி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன், அவன் பொண்டாட்டி வைத்தியம் பத்தி பேசுனதும் அதுலயே சேர்ந்து போயிடுச்சு. சொல்லாம ரெகார்டு பண்றது குற்றம், சைபர் கிரைமுக்கு போவேன்னு மிரட்டுறான். நான் ஜெயிலுக்கு போகணுமா? இந்த ரெகார்டு கோர்ட்டுல செல்லுமா? இன்னொன்னு, மகன் வாங்கி குடுத்த புது போன்ல ரெகார்டு போட்டா இங்கிலீஷ்ல ஒரு குரல் சொல்லிடுது, கஸ்டமர் பயந்து கட் பண்றாங்க. அந்த குரலை நிறுத்த வழி இருக்கா? பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுக்கப் போறோம்.

வழக்கறிஞர் பதில்:

சகோதரி, முதல்ல ஒரு வேலை, அந்த பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுக்காதீங்க. இதை படிக்கிறப்பவே மகன்கிட்ட சொல்லிடுங்க. ஏன்னு கீழ விவரமா சொல்றேன், ஆனா போன் கைய விட்டு போயிட்டா அப்புறம் நான் சொல்றதுல பாதி உங்களுக்கு பிரயோஜனப்படாது.

ஜெயில் பயம் வேண்டாம். நீங்களே பேசுற காலை நீங்களே ரெகார்டு பண்றது குற்றம்னு நேரடியா சொல்ற பிரிவு நம்ம நாட்டு சட்டத்துல இல்ல. உங்க தம்பி ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணா போட்டு குழப்புறார். மத்தவங்க ரெண்டு பேர் பேசிக்கிறதை நடுவுல புகுந்து ஒட்டுக்கேட்டா அது குற்றம், 2023ல வந்த தொலைத்தொடர்பு சட்டத்துல 42வது பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. ஆனா நீங்க நடுவுல புகுந்தவங்க இல்ல, அந்த பேச்சுல பாதி நீங்கதான், அவர் சொன்னது உங்க காதுக்குன்னே சொன்னது. இந்த வித்தியாசத்தை சுப்ரீம் கோர்ட் 1972லயே சொல்லிடுச்சு, மல்கானி வழக்குன்னு பேரு. பம்பாய்ல சந்தேக சாவுகளை விசாரிக்கிற கொரோனர்ங்கிற அதிகாரியா இருந்தவர் ஒரு டாக்டர்கிட்ட லஞ்சம் கேட்க, அந்த டாக்டரோட சம்மதத்தோட லஞ்ச ஒழிப்பு அதிகாரிகள் போன் பேச்சை டேப்புல பதிஞ்சாங்க. பேசுறவங்கள்ல ஒருத்தர் சம்மதிச்சு பதிஞ்சதால இது ஒட்டுக்கேட்டது ஆகாது, சாட்சியமா எடுத்துக்கலாம்னு தீர்ப்பு. இன்னிக்கு வரைக்கும் இந்த மாதிரி வழக்குல எல்லாரும் முதல்ல எடுத்து காட்டுறது அதைத்தான்.

அவர் புகார் குடுத்து ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா போங்க, கூட ஒரு வக்கீலை கூட்டிட்டு போங்க, நடந்ததை அப்படியே சொல்லுங்க. பயந்துகிட்டு ரெகார்டை மட்டும் அழிச்சுடாதீங்க.

### உங்க மேல தப்பு இருக்கிற இடம் குரூப்புதான்

இதை கொஞ்சம் அழுத்தி சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. ரெகார்டு பண்ணினது ஒண்ணு, அதை அம்பது பேர் இருக்கிற குரூப்ல போட்டது வேற ஒண்ணு. கோர்ட்டுல குடுக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, ஏன்னா அங்க உங்க பணத்துக்கு அது ஆதாரம். சொந்தக்காரங்க குரூப் கோர்ட் இல்ல. "உண்மையைத்தானே போட்டேன்"னு நீங்க நினைக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா நம்ம ஊர் கிரிமினல் அவதூறு சட்டத்துல உண்மைங்கிறது மட்டும் போதாது, அதை வெளிய சொன்னது பொது நன்மைக்காகன்னும் காட்டணும், இல்லனா உங்க சொந்த நலனை காப்பாத்திக்க நல்லெண்ணத்தோட சொன்னீங்கன்னு காட்டணும். கடன் பத்தின வரிக்கு நீங்க அப்படி வாதாடலாம், ஓரளவு நிக்கும். அவர் மனைவியோட வைத்தியத்துக்கு என்ன சொல்லி வாதாட முடியும்? அந்த பொண்ணு இந்த சண்டையிலயே இல்ல, அந்த காலும் அவங்க பேசினது இல்ல, புருஷன் அக்காகிட்ட நம்பி சொன்ன விஷயம் இப்ப ஊர்ல பாதி பேர் போன்ல கிடக்குது. 2017ல சுப்ரீம் கோர்ட் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன பிறகு இந்த மாதிரி விஷயத்தை கோர்ட்டுகள் முன்ன மாதிரி லேசா எடுத்துக்கிறது இல்ல.

அதனால இன்னிக்கே அந்த கிளிப்பை குரூப்ல இருந்து எடுங்க. நீங்க அழிக்கிற நேரம் தாண்டியிருந்தா குரூப் அட்மினை விட்டு அழிக்க சொல்லுங்க. ஏற்கனவே இறக்கி வச்சவங்க போன்ல அது இருக்கத்தான் செய்யும், அதை ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா நீங்க எடுத்தீங்கங்கிறது பின்னாடி உங்களுக்கு சாதகமா நிக்கும். அந்த பொண்ணுகிட்ட நேர்ல போய், இல்ல போன்லயாவது, மன்னிப்பு கேளுங்க. கடன் பேச்சை அதுல கலக்காதீங்க. கடனை ஒத்துக்காட்டி இன்னும் இருக்கிறதையும் போடுவேன்னு மட்டும் கோவத்துல கூட சொல்லிடாதீங்க, அந்த ஒரு வார்த்தை மிரட்டி பணம் பறிக்கிறதுன்னு அவர் பக்கம் திரும்பிடும்.

### அந்த செட்டிங் உண்மையில என்ன செய்யுது

உங்க மகன் நல்ல எண்ணத்துலதான் வச்சு குடுத்திருக்கார், ஆனா அது என்ன செய்யுதுன்னு ரெண்டு பேருமே யோசிச்ச மாதிரி தெரியல. சாம்சங் மாதிரி போன்கள்ல டயலர்குள்ள Record calls, அதுக்குள்ள Auto record calls னு வரும். அங்க எல்லா காலும், சேவ் பண்ணாத நம்பர் மட்டும், குறிப்பிட்ட சில நம்பர் மட்டும்னு மூணு விதமா வைக்கலாம். எல்லா காலும்னு வச்சா எதிர்ல இருக்கவங்க எடுத்த நொடியில இருந்து வைக்கிற வரைக்கும் ரெண்டு பேர் குரலும் ஒரே ஃபைலா போனுக்குள்ள உக்காரும், ஃபைல் பேருலயே யாரு, என்னிக்கு, எத்தனை மணிக்குங்கிறது இருக்கும். இதுல சிம் கம்பெனிக்கு ஒரு வேலையும் இல்ல. சத்தம் குடுக்காத போனா இருந்தா எதிர்ல பேசுறவங்களுக்கு எதுவுமே தெரியாது. வாட்ஸ்அப் கால் இதுல பதியாது, ஏன்னா அது டயலர் வழியா போறது இல்ல.

இப்ப உங்க கடைய நினைச்சு பாருங்க. அளவு மறக்கக்கூடாதுன்னு வச்சது, ஆனா பதிஞ்சது அளவு மட்டுமா? ஜாக்கெட் அளவு சொல்ல கூப்பிட்ட பொண்ணு மாமியார் சண்டையையும் சொல்லியிருப்பா, மாசமா இருக்கேன் இன்னும் யாருக்கும் சொல்லல, கொஞ்சம் லூசா தைங்கன்னு சொல்லியிருப்பா. உங்க டாக்டர், உங்க சம்பந்தி, உங்க பொண்ணு எல்லாரும் அதுல இருக்காங்க. போன் பழுதுக்கு போனாலோ, கைமாறினாலோ, பேரப்பிள்ளை கையில கேம் விளையாட போனாலோ அது அத்தனையும் கூடவே போகுது. தனிப்பட்ட தரவு பாதுகாப்பு சட்டம்னு 2023ல ஒண்ணு வந்திருக்கு, அதுல ஒருத்தர் தன் சொந்த, வீட்டு காரியத்துக்கு வச்சுக்கிறதுக்கு விலக்கு இருக்கு. கடை காரியம் அந்த விலக்குக்குள்ள வராது. அதோட விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முழுசா அமலுக்கு வர காலம் குடுத்திருக்காங்க, ஆனா போற திசை தெரியுது இல்லையா, அதனால எல்லா காலும்ங்கிறதை இன்னிக்கே எடுத்துட்டு, தேவைப்படுற காலுக்கு மட்டும் நடுவுல பட்டனை அழுத்துற மாதிரி மாத்திக்கோங்க.

பழைய ரெகார்டுகள் எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடலாமான்னு கேப்பீங்க. இல்ல, கொஞ்சம் பொறுங்க, அடுத்த விஷயத்தை படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

### கோர்ட்டுல நிக்கணும்னா

செல்லும். ஆனா ரெகார்டு இருக்குங்கிறதால தானா செல்லாது. குரல் யாருதுன்னு தெரியணும், வெட்டு ஒட்டு இல்லன்னு தெரியணும், வழக்குக்கு சம்பந்தப்பட்டதா இருக்கணும், தெளிவா கேக்கணும், பத்திரமா வச்சிருந்ததா இருக்கணும், இதை 1985ல ராம் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லி வச்சிருக்கு. உங்க விஷயத்துல வில்லங்கம் வெட்டினதுலதான். நீங்க குரூப்ல போட்ட துண்டை கோர்ட்டுல குடுத்தா எதிர் வக்கீல் கேக்குற முதல் கேள்வி, "மிச்சம் எங்கம்மா? அதுக்கு முன்னாடி என்ன பேசினீங்க?"ங்கிறதுதான். முழு கால் இருந்தாதான் "தந்துடுறேன்"ங்கிற வார்த்தைக்கு பலம்.

அந்த முழு கால் உங்க பழைய போன்லதான் இருக்கு. போனையே கோர்ட்டுல குடுத்து, இது என்னுது, நான் பேசினது, இதுல பதிஞ்சதுன்னு நீங்களே கூண்டுல ஏறி சொன்னா அது மூல ஆதாரம். பென் டிரைவ்லயோ சிடிலயோ நகல் குடுத்தா கூட ஒரு சான்றிதழும் குடுக்கணும், 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த புது சாட்சிய சட்டத்துல 63வது பிரிவு அது. சான்றிதழ்ல ரெண்டு பகுதி, ஒண்ணு போனை வச்சிருந்த நீங்க கையெழுத்து போடுறது, இன்னொண்ணு ஒரு நிபுணர் போடுறது. ரெண்டுலயும் ஹாஷ் மதிப்புன்னு ஒண்ணு எழுதணும். அந்த ஃபைலை ஒரு சாஃப்ட்வேர்ல போட்டா ஒரு நீள எண் வரும், ஃபைல்ல ஒரு நொடி வெட்டினாலும் அந்த எண் முழுசா மாறிடும், நகலும் மூலமும் ஒண்ணுதான்னு காட்டுறது அதை வச்சுத்தான். அதனால மகனை விட்டு ரெண்டு விஷயம் பாக்க சொல்லுங்க. வெட்டினப்ப மூல ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டீங்களா, இல்ல தனியா சேவ் ஆச்சா? குறிப்பிட்ட நாள் கழிச்சு தானா அழியுற மாதிரி எங்கயாவது வச்சிருக்கா? சில டயலர்ல அப்படி ஒரு வசதி இருக்கு, இருந்தா உடனே நிறுத்தணும். கஸ்டமர் ரெகார்டுகளை எல்லாம் நிபுணர் நகல் எடுத்து ஹாஷ் குறிச்ச பிறகு அழிச்சுக்கலாம், இப்ப அந்த போன்ல எதை தொட்டாலும் "என்னென்னமோ அழிச்சிருக்காங்க"ன்னு பேச்சு வரும்.

உங்ககிட்ட இன்னொரு பெரிய பலம் இருக்கு, பணம் பேங்க் வழியா போயிருக்கு. பணம் போனதை பேங்க் ஸ்டேட்மென்ட் சொல்லும், அது எதுக்காக போச்சுங்கிறதை ரெகார்டு சொல்லும்.

ஆனா ஒரு விஷயத்துல நீங்க ஏமாந்துடக்கூடாது. கைமாத்து கடனுக்கு, குடுத்த நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள வழக்கு போடணும், உங்களுக்கு அது 2027 பிப்ரவரியோட முடியுது. போன்ல வாயால "தந்துடுறேன்"னு சொன்னது அந்த மூணு வருஷத்தை நீட்டிக்காது, அதுக்கு எழுத்துல, கையெழுத்தோட ஒத்துக்கணும். ரெகார்டு இருக்கேங்கிற தைரியத்துல காலத்தை ஓட்டிட்டு வழக்கையே இழந்தவங்க நிறைய பேர்.

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் "ரகசியமா ரெகார்டு பண்ணலாம்"னு சொல்லிடுச்சுன்னு ஒரு செய்தி சுத்துது, உங்க மகனும் பார்த்திருப்பார். அது கணவன் மனைவி விவாகரத்து வழக்கு, விபோர் கார்க் வழக்கு. கணவர் மனைவியோட தான் பேசினதை பதிஞ்சு வச்சிருந்தார், அந்த மாதிரி வழக்குல அதை சாட்சியமா எடுத்துக்கலாம்னுதான் கோர்ட் சொன்னது. கோர்ட் கதவுக்குள்ள ஒரு ஆதாரத்தை விடுறதும், அதை உருவாக்கின விதம் சரிதான்னு சொல்றதும் ஒண்ணு இல்ல.

### அந்த குரலை நிறுத்தாதீங்க

கூகுளோட Phone ஆப் இருக்கிற போன்ல ரெகார்டு போட்டதும் This call is now being recorded னு ரெண்டு பேருக்கும் கேக்கும். ஐபோன்லயும் iOS 18.1ல இருந்து ரெகார்டு வசதி இருக்கு, அதுவும் சொல்லிட்டுத்தான் பதியும். இந்த ஆப் எல்லாம் பல நாட்டுக்கு போறது, ஜெர்மனில சொல்லாம பதியுறதே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை உள்ள குற்றம், கலிஃபோர்னியால பேசுற எல்லாரோட சம்மதமும் வேணும். அதனாலதான் அந்த குரல் வச்சிருக்காங்க. அதை ஊமையாக்க ஆயிரம் குறுக்கு வழி வீடியோ இருக்கு, நான் அதுல எதையும் சொல்லித்தர மாட்டேன்.

நீங்க அதை தொல்லைன்னு நினைக்கிறீங்க, நான் அதை உங்களுக்கு கிடைச்ச சாட்சின்னு நினைக்கிறேன்.  அதை கேட்ட பிறகும் ஒருத்தர் பேசினார்னா, "எனக்கு தெரியாம எடுத்தாங்க, விளையாட்டுக்கு சொன்னேன்"னு பின்னாடி சொல்ல வழியே இல்ல. உங்க தம்பி இன்னிக்கு கத்துறதை கவனிங்க, அவர் கடனை பத்தி பேசவே இல்ல, சொல்லாம எடுத்ததை பத்தித்தான் பேசுறார். சொல்லியிருந்தா அந்த பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. முக்கியமா, சொல்லியிருந்தா அவர் பொண்டாட்டி வைத்தியத்தை அந்த கால்ல பேசியிருக்கவே மாட்டார், "அக்கா அதை நிறுத்துங்க, ஒரு விஷயம் சொல்லணும்"னு கேட்டிருப்பார். எதை பதிய விடணும் எதை விடக்கூடாதுன்னு முடிவு பண்ற அந்த வாய்ப்பைத்தான் சொல்லாம எடுக்கிறப்ப நாம எதிர்ல இருக்கவங்ககிட்ட இருந்து பிடுங்கிடுறோம்.

கஸ்டமர் கட் பண்றது பயத்துல, அவங்களுக்கு அந்த இங்கிலீஷ் என்னன்னு புரியல, ஏதோ பேங்க் மோசடின்னு நினைக்கிறாங்க. நீங்க முந்திக்கோங்க. பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே, "பாப்பா, அளவு எனக்கு மறந்து போகுது, நீ சொல்றதை மட்டும் ரெகார்டு பண்ணிக்கிறேன், ஒரு இங்கிலீஷ் குரல் வரும், பயப்படாத, சரியா?"ன்னு கேளுங்க. சரின்னதும் அழுத்துங்க, அளவு முடிஞ்சதும் நிறுத்துங்க, அப்புறம் மாமியார் கதை பேசுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, அளவை வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க, உண்மையில ரெகார்டை திரும்ப கேக்குறதை விட அதுதான் உங்களுக்கு சுலபம்.

எல்லா நேரமும் சொல்லணுமான்னா இல்ல. ஒருத்தன் கொலை மிரட்டல் விடுறான், லஞ்சம் கேக்குறான், கடன் ஆப்காரன் அசிங்கமா பேசுறான், வீட்டுல அடிக்கிறவன் போன்ல மிரட்டுறான்னா சொன்னா ஆதாரமே கிடைக்காது, சில நேரம் உயிருக்கே ஆபத்து. அங்க சொல்லாம பதிஞ்சு நேரா போலீஸ்லயோ வக்கீல்கிட்டயோ குடுங்க, வேற யாருக்கும் அனுப்பாதீங்க. ஆனா அடுத்தவங்க போன்ல ரெகார்டு ஆப் போட்டு விடுறது, அது மருமக போனா இருந்தாலும் மகன் போனா இருந்தாலும், நான் மேல சொன்ன ஒட்டுக்கேக்குற கதைக்குத்தான் போய் நிக்கும்.

### இனிமே தம்பிகிட்ட

கிளிப்பை எடுத்து, அந்த பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்ட பிறகு ஒரு தடவை அவரை கூப்பிடுங்க. இந்த தடவை சொல்லிட்டு, "தம்பி, குரூப்ல போட்டது என் தப்பு, எடுத்துட்டேன். கடன் விஷயத்தை இப்ப பேசுறேன், ரெகார்டு ஆகுது, உனக்கு இஷ்டமில்லனா சொல்லு, நேர்ல பேசிக்கலாம்"னு. ஒத்துக்கிட்டா தவணை போட்டு, ஒரு புரோநோட்டோ இல்ல கடனை ஒத்துக்கிட்டு ஒரு கடிதமோ கையெழுத்து போட்டு வாங்குங்க, 2027 பிப்ரவரிக்கு முன்னாடி வாங்கினா அந்த தேதில இருந்து புதுசா மூணு வருஷம் கிடைக்கும். பேச மாட்டேன்னா, நடந்ததை சுருக்கமா வாட்ஸ்அப்ல எழுதி அவருக்கு மட்டும் அனுப்புங்க, "2024 பிப்ரவரில நான் கடனா குடுத்த ரெண்டரை லட்சம், தேங்காய் காசு வந்ததும் தரேன்னு சொன்ன, எப்ப தரன்னு சொல்லு"ன்னு. அவர் என்ன பதில் போட்டாலும் அது ஒரு ஆவணம், பதிலே போடலன்னாலும் நீங்க கேட்டதுக்கு தேதியோட ஆதாரம்.

ஒரு மாசம் பாருங்க, அதுக்கு மேல வேண்டாம். அசையலன்னா பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய போன், இந்த வாட்ஸ்அப் பேச்சு மூணையும் எடுத்துட்டு பொள்ளாச்சிலயே ஒரு சிவில் வக்கீலை பாருங்க, பதினஞ்சு நாள் டைம் குடுத்து ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்ப சொல்லுங்க. நோட்டீஸ்ல ரெகார்டு பத்தி எவ்வளவு சொல்றது, சொல்லாம வச்சுக்கிறதாங்கிறதை ஃபைலை முழுசா கேட்ட பிறகு அவர் முடிவு பண்ணட்டும். கட்டணம் குடுக்க சிரமமா இருந்தா கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் குழுவுல போய் கேளுங்க, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு.